வாய்ஸ் ஓவர் ஸ்கிரிப்டில் சுருக்கங்களும் அலகுகளும்: வாசிப்பவர் தடுமாறும் இடங்கள், காரணம், தீர்வு

அறிக்கையாக எழுதியதை அப்படியே ஸ்கிரிப்ட் என்று பெயர் மாற்றி ஸ்டூடியோவுக்கு அனுப்பினால், மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தடுமாறுவார். அவர் திறமையைச் சந்தேகிக்கத் தேவையில்லை, காரணம் பெரும்பாலும் தாளில்தான் இருக்கும். "சுருக்கம் எல்லாவற்றையும் விரித்து எழுதிவிடு, தீர்ந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. ஐ.நா. என்பதை விரித்தால் வாக்கியம் நீளும், கேட்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. டி.எம்.சி.யை விரித்தால் இன்னும் மோசம், "ஆயிரம் மில்லியன் கன அடி" என்று கேட்டுவிட்டு யாரும் எதையும் கற்பனை செய்துகொள்ள முடியாது. அதனால் பொதுவாக ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு போவதைவிட, ஒலிப்பதிவில் என்ன கோளாறு வருகிறதோ அதிலிருந்து பின்னோக்கிப் போவது நல்லது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு பத்தி. மேட்டூர் அணை பற்றிய ஒரு குறும்படத்துக்கு எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய நீர்வரத்து, நீர்மட்டம், திறப்பு எண்கள் மட்டும் உதாரணத்துக்கானவை.

> 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். மு.நீ.ம. 120 அடி. தற்போது நீர்வரத்து 12,000 க.அடி/வி., நீர்மட்டம் 98.6 அடி. ஜூன் 12-ல் பாசனத்துக்கு 8,000-10,000 க.அடி திறக்கப்படும். பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 177.25 டி.எம்.சி. என 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கண்காணிப்பது CWMA.

கண்ணால் படிக்கும்போது இதில் ஒரு குறையும் தெரியாது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், முதல் மூன்று வரிகளுக்குள் எங்கோ நின்றுவிடுவீர்கள்.

அறிகுறி: நடுவில் நின்று, பின்னால் போய், அதே வாக்கியத்தை மறுபடி தொடங்குகிறார்

இதுதான் அடிக்கடி வருவது. காரணம், தாளில் இருக்கும் வரிசையும் வாயில் வரும் வரிசையும் வேறாக இருப்பது.

"12,000 க.அடி/வி." என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இதைச் சொல்லும்போது "வினாடிக்கு" என்பதுதான் முதலில் வரும், "வினாடிக்குப் பன்னிரண்டாயிரம் கன அடி" என்று. தாளிலோ அது கடைசியில், ஒரு சாய்கோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வாசிப்பவரின் கண் வாயைவிட இரண்டு மூன்று சொல் முன்னால் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த இடைவெளிக்குள் "க.அடி" என்றால் என்ன, சாய்கோடு என்றால் என்ன, "வி." என்றால் என்ன என்று மூன்று புதிர்களை அவிழ்த்து வரிசையையும் திருப்பிப் போட வேண்டும். "பன்னிரண்டாயிரம் கன அடி..." என்று சொல்லிவிட்டு, "ஐயோ, வினாடிக்கு" என்று நிற்பார். மணிக்கு இத்தனை கிலோமீட்டர், ஏக்கருக்கு இத்தனை மூட்டை, எல்லாமே இந்த வகைதான்.

ரூபாயும் அப்படியே. "ரூ. 500 கோடி" என்று எழுதுகிறோம், "ஐந்நூறு கோடி ரூபாய்" என்று சொல்கிறோம். பழகிய குரல்காரர்கள் இதைத் தாமாகவே திருப்பிக்கொள்வார்கள். ஆனால் "ரூ. 500 கோடியில்" என்று ஒரு வேற்றுமை உருபு ஒட்டிவிட்டால், "ஐந்நூறு கோடியில்" என்று சொல்லி முடித்த பிறகுதான் ரூபாய் விட்டுப்போனது தெரியும். "ஐந்நூறு கோடி ரூபாயில்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

உருபு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆங்கில ஸ்கிரிப்டுக்கு எழுதப்பட்ட அறிவுரைகள் இந்த இடத்தில் நமக்கு உதவாது, இது ஆங்கிலத்தில் இல்லாத தொல்லை. எண்ணுக்குப் பின்னால் சிறுகோடு போட்டு "-ல்", "-க்கு", "-ஐ", "-ம்" என்று ஒட்டுவது அச்சில் வசதி. ஆனால் உருபு ஒட்டினால் எண்ணின் கடைசிப் பகுதியே மாறிவிடும். 1000 தனியாக நின்றால் "ஆயிரம்", "1000-ல்" என்றால் "ஆயிரத்தில்". வாசிப்பவர் "ஆயிரம்" என்று வாயைத் திறந்த பிறகுதான் சிறுகோடு கண்ணில் படும். அப்போது அவருக்கு இரண்டே வழி. ஒன்று, "ஆயிரம்... இல்" என்று வெட்டி ஒட்டினதுபோல் சொல்வது. இன்னொன்று, நிறுத்திவிட்டு ரீடேக் கேட்பது. "1934-ல்" என்ற ஆண்டு இன்னும் நீளம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில்". இதை முழுவதும் எழுத்திலேயே கொடுங்கள். தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டும் வாயில் இடம் மாறக்கூடியவை என்பதால் ஒன்பது வரும் எண்களுக்கு இது இன்னும் அவசியம்.

அப்படியானால் எல்லா எண்களையும் எழுத்தில் எழுத வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உருபு ஒட்டாமல், ஒரே விதமாக மட்டும் படிக்கக்கூடிய எண்ணை இலக்கத்தில் விடலாம். "120 அடி" என்பதை "நூற்று இருபது அடி" தவிர வேறு எப்படியும் யாரும் படிக்கப் போவதில்லை. எண்களை முழுக்க எழுத்தில் அடைத்த பக்கம் கண்ணுக்குச் சுவர் மாதிரி இருக்கும், எங்கே எண் தொடங்குகிறது என்றே தெரியாது. சில குரல்காரர்கள் இலக்கத்தைத்தான் விரும்புவார்கள், சிலர் எழுத்தை. முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஆனால் உருபு ஒட்டிய எண்ணுக்கும், 8,000-10,000 மாதிரி இரண்டு எண்ணுக்கு நடுவில் கோடு போட்டதற்கும் விருப்பம் கேட்கத் தேவையில்லை, எழுத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தக் கோட்டை "முதல்" என்று படிக்கலாம், "அல்லது" என்றும் படிக்கலாம், "எட்டாயிரம் பத்தாயிரம்" என்று பேச்சு வழக்கில் தோராயமாகச் சொல்வதுபோலவும் படிக்கலாம். மூன்றும் பொருளில் வேறு.

அறிகுறி: வாக்கியம் முடியாமலே குரல் இறங்கிவிடுகிறது

பதிவைக் கேட்டால் சொற்கள் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் "தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு ஏழு டி எம் சி" என்ற இடத்தில் குரல் கீழே இறங்கி, ஒரு நொடி அமைதி, அப்புறம் "ஆகும்" என்று அநாதையாக ஒரு சொல் வரும். எடிட்டர் இடைவெளியை வெட்டிப் பார்ப்பார், சரிவராது. குரல் ஏற்கனவே இறங்கிவிட்டது அல்லவா.

குற்றவாளி புள்ளி. "டி.எம்.சி. ஆகும்" என்பதில் கடைசிப் புள்ளி சுருக்கத்தினுடையதா, வாக்கியத்தினுடையதா என்று கண்ணுக்குத் தெரியாது. வரி அந்த இடத்தில் மடங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம், முற்றுப்புள்ளி என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார். தீர்வு சுலபம். குரலுக்கான ஸ்கிரிப்டில் சுருக்கங்களுக்குப் புள்ளி வைக்காதீர்கள். எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியதை இடைவெளி விட்டு "டி எம் சி" என்று எழுதுங்கள். புள்ளி என்று ஒன்று பக்கத்தில் இருந்தால் அது வாக்கியம் முடியும் இடம் மட்டுமே என்று ஆகிவிடும், வாசிப்பவரும் நம்பிக் குரலை இறக்கலாம்.

இடைவெளி விட்டதால் இன்னொரு சிக்கல் வரும்: "டி" ஒரு வரியின் கடைசியிலும் "எம் சி" அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழும். வேர்டில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக Ctrl+Shift+Space அழுத்தினால் பிரியாத இடைவெளி விழும், மூன்று எழுத்தும் ஒன்றாகவே அடுத்த வரிக்குப் போகும். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவிலும் இதையே பயன்படுத்துங்கள். "120" ஒரு பக்கத்தின் கடைசியிலும் "அடி" அடுத்த பக்கத்தின் தலையிலும் இருந்தால், தாள் திருப்பும் சத்தமும் சேர்ந்து பதிவாகும்.

தசமப் புள்ளிக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. 93.47 என்பதை "புள்ளி நான்கு ஏழு" என்று படிப்பவரும் உண்டு, "புள்ளி நாற்பத்து ஏழு" என்று படிப்பவரும் உண்டு. தனித்தனி இலக்கமாகச் சொல்வதே சரி. ஆனால் ஒலிப்பில் மட்டும் வரும் பகுதிக்கு இவ்வளவு துல்லியம் தேவையா என்றும் யோசியுங்கள். "ஏறத்தாழ தொண்ணூற்று மூன்றரை டி எம் சி" என்றால் காதில் நிற்கும், துல்லியமான எண்ணைத் திரையில் கிராபிக்ஸாகப் போட்டுக்கொள்ளலாம். 177.25-க்கு இன்னும் அழகான வழி இருக்கிறது: "நூற்று எழுபத்தேழே கால் டி எம் சி". அது தோராயம்கூட இல்லை, கணக்குப்படி சரியானது. கால், அரை, முக்கால் என்று முடிகிற எண்ணுக்குப் புள்ளி போட்டுப் படிக்க வைப்பது வீண் வேலை.

அறிகுறி: சுருக்கத்தை எழுத்தாகச் சொல்வதா, சொல்லாகச் சொல்வதா என்று கேட்கிறார்

இஸ்ரோ, யுனெஸ்கோ, நபார்டு, சிப்காட் எல்லாம் சொல்லாகிவிட்டவை. ஐ ஐ டி, டி என் பி எஸ் சி எல்லாம் எழுத்தாகவே இருப்பவை. இதைத் தமிழில் எழுதினாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும், ஏனென்றால் சேர்த்து எழுதினால் சொல், பிரித்து எழுதினால் எழுத்து என்று ஒரு வழக்கத்தை ஸ்கிரிப்ட் முழுக்கக் கடைப்பிடிக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் CWMA என்று விட்டால்தான் வம்பு.

எங்கள் பத்தியில் அதுதான் நடக்கிறது. "சி டபிள்யூ எம் ஏ" என்று படிக்கச் சொல்லலாம். நடுவில் இருக்கும் "டபிள்யூ" ஒன்றே மூன்று அசை இழுக்கும், சிலர் "டபுள்யூ" என்பார்கள், சிலர் "டபிள்யு" என்று குறுக்குவார்கள். சரி, சுத்தமாகவே படித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம், கேட்பவருக்கு என்ன புரியும்? 2018-ல் காவிரித் தீர்ப்புக்குப் பின் இரண்டு அமைப்புகள் வந்தன. ஒன்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம், மற்றொன்று காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு. முதலாவது CWMA, இரண்டாவது CWRC. இரண்டையும் எழுத்தெழுத்தாகச் சொன்னால் முதல் இரண்டு எழுத்து ஒன்றாக இருப்பதால் காதுக்கு இரண்டும் ஒரே அமைப்புதான். எனவே முதல் முறை முழுப் பெயர், அடுத்த முறையிலிருந்து "ஆணையம்", "குழு". தமிழில் இப்படிப் பொதுச்சொல்லால் சுட்டுவது இயல்பாக வருகிறது, எழுத்துக் கோர்வையைத் திணிக்க வேண்டிய அவசியமே இல்லை.

விரிக்கவே கூடாத சுருக்கங்களும் உண்டு என்று முதலிலேயே சொன்னேன். சோதனை எளிது: டீக்கடையில் அதை எப்படிச் சொல்கிறார்களோ அப்படி எழுதுங்கள். கட்சிப் பெயர்களை யாரும் விரிப்பதில்லை. கி.மு., கி.பி. இரண்டையும் "கி மு", "கி பி" என்றே சொல்கிறோம். டி எம் சி-யும் டீக்கடைச் சொல்தான், குறிப்பாக டெல்டாவில். "மு.நீ.ம." என்று எந்தக் கடையிலும் சொல்வதில்லை. அது அறிக்கை எழுதியவர் தன் விரல் வலிக்குப் பயந்து போட்டது. அதை "முழு நீர்மட்டம்" என்று விரித்தே ஆக வேண்டும்.

கி.மு. என்றதும் நினைவுக்கு வருகிறது: கி.மு. 300, கி.மீ. 300 இரண்டையும் சிறிய எழுத்தில் அச்சடித்து மங்கலான விளக்கில் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கீழே ஒரு சுழி, மேலே ஒரு வளைவு, அவ்வளவுதான் வேறுபாடு. மி, மீ இரண்டுக்கும் வேறுபாடு அதைவிடக் குறைவு. எழுத்தின் அளவை 14 பாயிண்டுக்குக் குறையாமல் வைப்பது உதவும், ஆனால் கிலோமீட்டர், மில்லிமீட்டர் என்று முழுவதும் எழுதினால் அந்தச் சந்தேகமே எழாது.

அறிகுறி: வாசிப்பு சுத்தம், ஆனால் கேட்டவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்

இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் ஸ்டூடியோவில் யாருக்கும் தெரியாது. வாசிப்பவர் திணறவில்லை, சவுண்ட் இன்ஜினியர் ஓகே சொல்லிவிட்டார், படம் வெளியான பிறகுதான் ஒருவர் வந்து "என்னங்க, பன்னிரண்டாயிரம் கன அடிதானா?" என்று கேட்பார்.

அணை பற்றிய எந்த ஸ்கிரிப்டிலும் மூன்று அலகுகள் அடுத்தடுத்து வரும். அடி, நீர்மட்டத்துக்கு. கன அடி, ஓடும் தண்ணீருக்கு. டி எம் சி, தேங்கி நிற்கும் தண்ணீருக்கு. அச்சில் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். காதில் "அடி"யும் "கன அடி"யும் ஒன்றன்மேல் ஒன்று விழும், அதுவும் "நீர்வரத்து பன்னிரண்டாயிரம் கன அடி, நீர்மட்டம் தொண்ணூற்று எட்டு புள்ளி ஆறு அடி" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தால். தனித்தனி வாக்கியமாக்குங்கள், ஒவ்வொன்றிலும் எதை அளக்கிறோம் என்ற பெயர் எண்ணுக்கு முன்னால் வரட்டும்.

இரண்டாவது, "வினாடிக்கு" என்பதை விட்டுவிடுவது. செய்தித்தாள்களில் "12 ஆயிரம் கன அடி திறப்பு" என்று தலைப்பு வரும், தினமும் படிப்பவருக்கு அது வினாடிக்கு என்று தெரியும். உங்கள் படத்தை முதல்முறை பார்ப்பவருக்குத் தெரியாது. அவர் கணக்கில் 12,000 கன அடி என்பது கிட்டத்தட்ட 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் 28 லாரிகள். ஒரு தெருவில் நிறுத்திவிடலாம். அதே எண்ணை "வினாடிக்கு" என்று சேர்த்தால், ஒரு நாளில் வந்து சேர்வது ஒரு டி எம் சி-க்கும் சற்று அதிகம். துல்லியமாகப் பார்த்தால் 11,574 கன அடி வீதம் 24 மணி நேரம் ஓடினால் ஒரு டி எம் சி. ஒரு சொல் விட்டுப்போனதால் ஓர் ஆறு சில லாரிகளாகிவிட்டது. எனவே முதல் முறை மட்டுமல்ல, ஒவ்வொரு காட்சியிலும் முதல் குறிப்பில் "வினாடிக்கு" இருக்கட்டும். எடிட்டர் காட்சிகளை இடம் மாற்றினால் முதல் குறிப்பு என்று நீங்கள் நினைத்தது நான்காவதாகப் போய்விடும்.

டி எம் சி-க்கு வருவோம். சுருக்கத்தை அப்படியே விட வேண்டும், ஆனால் ஒரே ஒரு முறை என்ன அளவு என்று சொல்ல வேண்டும். "ஆயிரம் மில்லியன் கன அடி" என்பது பெயருக்கான விரிவு, அளவுக்கான விளக்கம் ஆகாது. "நூறு கோடி கன அடி" என்று சொல்லுங்கள், இரண்டும் ஒன்றுதான். லிட்டரில் வேண்டுமென்றால் சுமார் 2,830 கோடி லிட்டர். லட்சம், கோடி பழகிய காதுக்கு மில்லியன் ஒவ்வொரு முறையும் மனக்கணக்கு கேட்கும், அந்தக் கணக்கை அவர் போட்டு முடிப்பதற்குள் உங்கள் அடுத்த வாக்கியம் போய்விடும்.

மில்லியனில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் கணக்கு மில்லியன் கன அடியில் வரும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இதை "மி.க.அடி" என்று சுருக்கி எழுதுகிறார்கள். மி.மீ., மி.லி. படித்துப் பழகிய குரல்காரர் "மில்லி கன அடி" என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. மேட்டூரும் செம்பரம்பாக்கமும் ஒரே படத்தில் வந்தால் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டு வாருங்கள்: 3,645 மில்லியன் கன அடி என்பது 3.645 டி எம் சி, ஆகவே "மூன்றரை டி எம் சி-க்குச் சற்று அதிகம்". அப்போதுதான் இரண்டையும் ஒப்பிடவே முடியும்.

மழை அளவிலும் இதே கதை. மி.மீ.யில் ஒன்று, செ.மீ.யில் ஒன்று என்று கலந்து கொடுத்தால், 70 மில்லிமீட்டர் ஏழு சென்டிமீட்டரைவிடப் பெரியதாகக் காதில் விழும்.

அறிகுறி: அதே சொல் முதல் பகுதியில் ஒரு மாதிரி, பேட்ச் எடுத்த இடத்தில் வேறு மாதிரி

முதல் நாள் பதிவில் "சதவீதம்", திருத்தத்துக்குப் பதிந்த வரியில் "விழுக்காடு". முதலில் "முப்பத்து நான்கு", அப்புறம் "முப்பத்தி நாலு". முதலில் "ஹெச்", பின்னால் "எச்". தனித்தனியாகக் கேட்டால் எதுவும் தவறில்லை, ஒட்டிக் கேட்டால் வேறு ஆள் வந்து பேசியதுபோல் இருக்கும். % என்ற குறியை ஸ்கிரிப்டில் விட்டுவைத்தால் இது நிச்சயம் நடக்கும், ஏனென்றால் அந்தக் குறி எந்தச் சொல்லையும் கட்டாயப்படுத்துவதில்லை.

ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு பட்டியல் போதும். சொல், அதை எப்படிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஊர்ப் பெயர்களும் அதிலேயே வரட்டும், பிலிகுண்டுலு மாதிரிப் பெயரை முதல்முறை பார்ப்பவர் எங்கே அழுத்துவது என்று தெரியாமல் மெல்லிவிடுவார். அழுத்தம் முக்கியமான பெயருக்கு நீங்களே ஒரு முறை சொல்லிப் போனில் பதிவு செய்து அனுப்பிவிடலாம், எழுதி விளக்குவதைவிட அது சுலபம். பேட்ச் எடுக்க மறுபடி கூப்பிடும்போது வெறும் அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பாமல், அந்தப் பட்டியலையும் பழைய பதிவின் பத்து நொடித் துண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

அறிகுறி: எழுத்தில் மூன்று நிமிடம், பதிவில் நான்கு

இலக்கத்தில் எழுதிய ஸ்கிரிப்டைச் சொல் எண்ணிக்கை பார்த்து நேரம் கணக்கிட்டிருப்பீர்கள். கணினிக்கு "1934-ல்" ஒரு சொல். வாய்க்கு அது நான்கு சொல், பதினான்கு அசை. எண்களும் அலகுகளும் நிறைந்த பத்தி விரித்ததும் வீங்கும். ஆகவே விரித்த பிறகு நேரம் பாருங்கள், அதுவும் எண்ணிக்கையை நம்பாமல் கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்து. நீளம் தாங்கவில்லை என்றால் வாசிப்பவரை வேகமாகப் படிக்கச் சொல்லாதீர்கள், எண்களைத் திரைக்கு அனுப்புங்கள். இதற்காகவே ஸ்கிரிப்டை இரண்டு நெடுவரிசையாக வைத்துக்கொள்வது நல்லது. இடது பக்கம் திரையில் வரும் எழுத்து, அதில் "93.47 டி.எம்.சி." என்று புள்ளியும் இலக்கமுமாகத் தாராளமாக இருக்கலாம். வலது பக்கம் குரல். சப்டைட்டில் போடுபவரிடம் இடது பக்கத்தின் எழுத்துமுறையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில்" என்பதை அப்படியே இரண்டு வரி சப்டைட்டிலாக அடித்துவிடுவார்.

இதுவரை சொன்னதை வைத்து வலது பக்கம் இப்படி ஆகும்:

> ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் கட்டி முடிக்கப்பட்டது மேட்டூர் அணை. இதன் முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பினால் ஏறத்தாழ தொண்ணூற்று மூன்றரை டி எம் சி தண்ணீர் இருக்கும். ஒரு டி எம் சி என்பது நூறு கோடி கன அடி.
>
> இப்போது அணைக்கு வினாடிக்குப் பன்னிரண்டாயிரம் கன அடி தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. நீர்மட்டம் தொண்ணூற்று எட்டரை அடியைத் தாண்டிவிட்டது. ஜூன் பன்னிரண்டாம் தேதி, பாசனத்துக்காக வினாடிக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கன அடி வரை திறக்கப்படும்.
>
> பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது ஆண்டுக்கு நூற்று எழுபத்தேழே கால் டி எம் சி. இரண்டாயிரத்துப் பதினெட்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு இது. அதைக் கண்காணிப்பது காவிரி நீர் மேலாண்மை ஆணையம்.

120 அடியை மட்டும் இலக்கத்தில் விட்டிருக்கிறேன், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். "ஆண்டுக்கு" என்பது மூலத்தில் இல்லை, சேர்த்தது. வாய்விட்டுப் படித்தபோதுதான் அது இல்லாத குறை தெரிந்தது.

அறிகுறி: எல்லாம் மாற்றியாச்சு, ஆனாலும் ஒன்றிரண்டு தப்பி ஸ்டூடியோவுக்குப் போய்விடுகிறது

பத்துப் பக்க ஸ்கிரிப்டைக் கண்ணால் மட்டும் சரிபார்த்தால் தப்பத்தான் செய்யும், எழுதியவருக்குத் தன் சுருக்கம் சுருக்கமாகவே தெரியாது. லிப்ரே ஆபீஸில் தேடும் பெட்டியைத் திறந்து Regular expressions என்பதை டிக் செய்து, இதைப் போட்டுத் தேடுங்கள்:

```
[0-9A-Za-z/%°₹]|\S\.\S
```

இலக்கம், ஆங்கில எழுத்து, சாய்கோடு, சதவீதக் குறி, டிகிரிக் குறி, ரூபாய்க் குறி, அப்புறம் இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட புள்ளி, இவை எங்கே இருந்தாலும் நிறுத்திக் காட்டும். குரல் நெடுவரிசையை மட்டும் தனிக் கோப்பாக எடுத்துத் தேடுங்கள், இல்லையென்றால் திரைக்கான எண்கள் எல்லாம் வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான், இதை இரண்டு விதமாகப் படிக்க முடியுமா என்று. முடியாது என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இது பிடிக்காததும் உண்டு. "திரு.", "எண்." மாதிரிப் புள்ளிக்குப் பின் இடைவெளி வரும் சுருக்கத்தை இது வாக்கிய முடிவு என்றே நினைத்துக் கடந்துவிடும். புள்ளியே இல்லாமல் "கிமீ", "செமீ" என்று அடித்திருந்தாலும் காட்டாது, அவற்றைத் தனித்தனியாகத் தேடித்தான் பார்க்க வேண்டும்.